நான் ஃபெயில் ஆகவில்லை, தேர்வுதான் நடக்கவில்லை

“ஃப்ரீயா இன்னொரு வாட்டி எழுதறதுக்கு வவுச்சர் குடுத்துட்டாங்கல்லங்ணா, அப்புறம் எதுக்கு இன்னும் மெயில் போட்டுட்டே இருக்கீங்க?” ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி கேட்டான். கேள்வியில் தப்பில்லை. கட்டிய பணத்துக்கு ஈடாக ஒன்று கிடைத்துவிட்டது. ஆனால் தேர்வுத் தளத்தில் என் கணக்கைத் திறந்தால், பாதியில் கோளாறாகிப்போன அந்தச் சான்றிதழ்த் தேர்வின் பெயருக்கு நேரே சிவப்பில் ஃபெயில் என்று நின்றுகொண்டிருந்தது. வவுச்சர் வந்ததால் அது போகவில்லை. பணத்தைவிட அதுதான் எனக்கு உறுத்தியது, இந்தப் பதிவும் அதனால்தான்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சான்றிதழ்த் தேர்வு எழுதினால் கட்டணத்தை கம்பெனியே திருப்பித் தரும், ஆனால் பாஸானால் மட்டும். ஐடியில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. முதலில் நம் கார்டில் கட்ட வேண்டும், பாஸான மதிப்பெண் தாளைக் காட்டிய பிறகு பணம் வரும். நான் கட்டியது ஜிஎஸ்டி சேர்த்துப் பதிமூன்றாயிரத்துச் சொச்சம். வீட்டிலிருந்தே எழுதும் வகை. சனிக்கிழமை காலை, நூறு நிமிடம், ஐம்பது கேள்வி.

இப்படித் தேர்வு எழுதியவர்களுக்கு முன்னுரை தேவையில்லை. அரை மணி முன்னாலேயே உட்கார்ந்து, அறையின் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து ஏற்றி, அடையாள அட்டையைக் காட்டி, மேஜையில் இருக்கும் தண்ணீர் பாட்டில் வரை விளக்கம் சொல்லி முடித்தால் பாதுகாப்பு பிரவுசர் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரையை முழுசாகப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அதுவரை ஒரு குறையும் இல்லை. இருபத்தோராவது கேள்வியா இருபத்திரண்டாவதா, அதில் ஒரு வரைபடத்தைத் திறந்தேன். பெட்டி வெள்ளையாக நின்றது. மேலே நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளருக்கு சாட்டில் எழுதினேன், காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தேன். பிரவுசர் தானாக மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடி வரிசை, மறுபடி முகத்தைக் காட்டு, அடையாள அட்டையைக் காட்டு. உள்ளே போய்ச் சேர்ந்தபோது பதினோரு நிமிடம்தான் பாக்கி. பத்துப் பன்னிரண்டு கேள்விகளை அவசரமாகத் தட்டினேன். நேரம் முடிந்ததும் அதுவே சமர்ப்பித்துக்கொண்டது. தொடாத கேள்விகள் எல்லாம் தவறான விடைகளாகக் கணக்கில் ஏறின. சாயங்காலம் மதிப்பெண் தாள் வந்தது.

இதில் ஒரு கொடுமை உண்டு. கோளாறு நடக்கும் அந்த நிமிடத்தில் நம்மால் எந்தச் சாட்சியமும் எடுக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட் வேலை செய்யாது. போன் கைக்கெட்டாத தூரத்தில் இருந்தாக வேண்டும். எட்டி எடுத்துத் திரையைப் படம் பிடித்தால், அதில் கேள்வி ஒன்று அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும், தேர்வு ரகசியத்தை மீறியதாக நம் மேலேயே நடவடிக்கை வரலாம். புகார் கொடுக்க வேண்டியவரே குற்றவாளி ஆகிவிடுவார். கண்காணிப்பாளரோடு நடந்த சாட்டும் பிரவுசரோடு போய்விடும். அவரிடமிருந்து நமக்கென்று மிஞ்சுவது சம்பவ எண் ஒன்றுதான், அதையும் நாமாகக் கேட்டால்தான் தருவார். நான் கேட்டிருந்தேன். மேஜையில் தாளும் பேனாவும் வைக்க அனுமதி இல்லாததால் அந்த எட்டு இலக்கத்தைத் தேர்வு முடியும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அங்கிருந்து பார்த்தால்

முதல் மெயிலில் நடந்ததையெல்லாம் கொட்டி எழுதினேன். பதில் நாகரிகமாக வந்தது. எங்கள் பதிவுகளைப் பரிசோதித்தோம், 05:38 யுடிசி மணிக்கு உங்கள் பக்கத்து இணைப்பு துண்டிக்கப்பட்டது, இணைய வசதிக்குத் தேர்வர்தான் பொறுப்பு, கட்டணம் திருப்பித் தரப்படாது, பதினாலு நாள் கழித்துப் புதிதாகக் கட்டணம் செலுத்தி எழுதலாம். இதில் என்னை ஃபெயில் ஆனவன் என்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் மொத்தக் கடிதமும் அதை முடிவான விஷயமாக வைத்துக்கொண்டுதான் பேசியது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நெட் போகவே இல்லை. பக்கத்து அறையில் மகள் அதே வைஃபையில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு நின்றதாகத் தெரியவில்லை. ஆனால் மகள் சொன்னதைச் சாட்சியமாக அனுப்ப முடியாதே. ராத்திரி அந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது 05:38 என்ற எண்ணில் கண் நின்றது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம் 11:08. இவ்வளவு துல்லியமாக ஒரு நிமிடத்தைச் சொல்கிறார்களே, அந்த நிமிடத்தில் என் லேப்டாப் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

விண்டோஸில் ஒரு மென்பொருள் செத்து விழுந்தால் அது பெரும்பாலும் `Event Viewer`-இல் பதிவாகும். செயலி முறிந்தால் எண் 1000, உறைந்து நின்றால் 1002. பவர்ஷெல்லில் இதைக் கொடுத்தால் போதும்:

```
Get-WinEvent -FilterHashtable @{
  LogName='Application'; Id=1000,1002
  StartTime=(Get-Date).AddDays(-2)
} | Format-List TimeCreated, Id, Message
```

இரண்டு பதிவுகள் வந்தன. 11:06-க்கு ஒரு 1002. 11:08:14-க்கு ஒரு 1000. இரண்டிலும் அந்தப் பாதுகாப்பு பிரவுசரின் பெயர். அதாவது முதலில் உறைந்திருக்கிறது, இரண்டு நிமிடம் கழித்து விழுந்திருக்கிறது. அவர்கள் இணைப்பு போனது என்று சொல்லும் அதே நிமிடத்தில்.

அப்போதுதான் விளங்கியது, அவர்கள் பொய் சொல்லவில்லை. தேர்வு நடக்கும்போது நம் பக்க மென்பொருள் சில விநாடிக்கு ஒருமுறை நான் இருக்கிறேன் என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றால் சர்வர் தன் ஏட்டில் இணைப்பு துண்டிப்பு என்று எழுதும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்முனை அமைதியானால் சிக்னல் போனதா, சார்ஜ் தீர்ந்ததா, போன் கீழே விழுந்ததா என்று நமக்குத் தெரியுமா? நெட் அறுந்தாலும் சரி, அவர்களுடைய மென்பொருளே மண்டையைப் போட்டாலும் சரி, அங்கிருந்து பார்த்தால் ஒரே காட்சிதான். அந்த ஏட்டைப் பார்த்துப் பதில் எழுதும் சிப்பந்திக்கு நெட் போய்விட்டது என்று எழுதுவதைத் தவிர வழியில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆதாரம் நம் வீட்டில்தான் இருக்கிறது. அதை அனுப்பாதவரை அவர்கள் சொல்வதுதான் செல்லும்.

ஆனால் பிரவுசர் விழுந்தது என்பது மட்டும் போதாது. நெட் போனதால்தான் விழுந்தது என்று திருப்பிச் சொல்லலாம். அதனால் இணைப்பு இருந்தது என்பதையும் தனியாகக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு கண்ணிகள் உண்டு: லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனி வரை இன்னொன்று. முதலாவதுக்கு, நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைத் திரையில்

```
netsh wlan show wlanreport
```

என்று கொடுத்தால் கடைசி மூன்று நாள் வைஃபை எப்போது சேர்ந்தது, எப்போது விட்டது, ஏன் விட்டது என்று ஒரு அறிக்கையை விண்டோஸே தயாரித்துத் தரும். இப்படியே கொடுத்தால் மூன்று நாள்தான். கோபம் தணியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்தால் தேர்வு நாள் அதிலிருந்து நழுவிவிடும். இரண்டாவது கண்ணிக்கு, வீட்டு இணைப்பு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ரவுட்டர் லாகின் ஆகும் பிபிபிஓஇ வகை என்றால் ரவுட்டரின் உள்பக்கத்தில் இணைப்பு எத்தனை நேரமாக அறுபடாமல் இருக்கிறது என்று போட்டிருக்கும். என்னுடையதில் ஒன்பது நாள் என்றிருந்தது. அதைவிட நல்லது நெட் கம்பெனியின் வாடிக்கையாளர் பக்கம். நம்மூர் கம்பெனிகள் பலவற்றில் ஒவ்வொரு லாகினும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று பட்டியல் இருக்கும். நாமே எடுத்த படத்தைவிட மூன்றாவது ஆள் வைத்திருக்கும் பதிவுக்கு மதிப்பு அதிகம்.

இதில் பலரும் தங்கள் சாட்சியத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். தேர்வு கெட்டதும் எல்லோரும் முதலில் செய்வது ரவுட்டரை அணைத்துப் போடுவது. அந்த ஒன்பது நாள் அந்த நொடியே பூஜ்ஜியமாகிவிடும், பல ரவுட்டர்களில் பழைய பதிவும் அழிந்துவிடும். அடுத்தது, அந்த பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி போடுவது. எதையும் தொடுவதற்கு முன்னால் விண்டோஸ் பதிவை ஒரு கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள் (`wevtutil epl Application app.evtx` என்றால் எடுத்துத் தரும்). அது ஓர் அளவுக்கு மேல் போனால் பழையதை அழித்து எழுதிக்கொண்டே போகும்.

ஒரு நேர்மையும் வேண்டும். அந்த 1000 பதிவில் `Faulting module name` என்று ஒரு வரி இருக்கும். விழுந்தது எந்தப் பாகத்தால் என்று சொல்வது அது. என் பதிவில் பிரவுசரின் சொந்தக் கோப்பு இருந்தது. அந்த இடத்தில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயரோ, ஆபீஸ் லேப்டாப்பில் கம்பெனி போட்டிருக்கும் பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால் வழக்கு நம் பக்கம் பலவீனம். அதேபோல, கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்தால் லேப்டாப் பாட்டரியில் ஓடிக்கொண்டிருப்பதால் நமக்குத் தெரியாது, ஆனால் நெட் உண்மையிலேயே போயிருக்கும். அப்போது உரிமையாகக் கேட்க முடியாது. தயவாகக் கேட்டுப் பார்க்கலாம்.

எதை முதலில் கேட்பது

இரண்டாவது மெயில் முதலாவதில் கால்வாசிதான் இருந்தது. மேலே தேர்வர் எண், பதிவு எண், சம்பவ எண். பிறகு நடந்ததை நேரத்தோடு நாலு வரி, ஒவ்வொரு நேரத்தையும் யுடிசியிலும் நம் நேரத்திலும். அவர்கள் கடிதத்தில் இருந்த அதே 05:38-ஐ எடுத்து, அந்த நிமிடத்தில் உங்கள் மென்பொருள் முறிந்தது, இணைப்பு முறியவில்லை என்று ஒரு வாக்கியம். இணைப்பாக மூன்று கோப்பு. என் படிப்பு, மன உளைச்சல், கட்டணம் கட்டப் பட்ட கஷ்டம், எதுவும் இல்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பவரால் அவற்றை வைத்து எந்தப் பொத்தானையும் அழுத்த முடியாது.

கேட்டது மூன்று, வரிசை முக்கியம். முதலாவது, இந்த அமர்வின் முடிவை ரத்து செய்து பதிவிலிருந்து எடுக்க வேண்டும். முயற்சி எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. காத்திருப்புக் காலமும் பொருந்தக் கூடாது. இரண்டாவது, கட்டணமில்லாமல் மறுதேர்வு. மூன்றாவது, அது முடியாவிட்டால் இன்வாய்ஸில் உள்ள முழுத் தொகையும், 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட, கட்டிய கார்டுக்கே திரும்ப வர வேண்டும்.

பலரும் பணத்தை முதலில் கேட்கிறார்கள். ஃபெயிலான தேர்வுக்குப் பணம் கேட்கிறார் என்று அந்த மெயில் ஒரு வரிசைக்குப் போகும். அந்த வரிசைக்கு எழுதி வைத்த பதில் ஒன்றுதான், திருப்பித் தரப்படாது. விதியும் அதைத்தான் சொல்கிறது, முடிந்த தேர்வுக்குப் பணம் கிடையாது. அந்த விதியோடு மோதுவதில் பயனில்லை. தேர்வு முடியவே இல்லை, அதனால் இந்த விதி எனக்குப் பொருந்தாது என்பதுதான் வாதம். முடிவு ரத்தானால் பணமோ மறுதேர்வோ அதன் பின்னாலேயே வந்துவிடும். பணமோ வவுச்சரோ முதலில் வந்தால் முடிவு அங்கேயே கிடக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

நாலைந்து நாளில் வவுச்சர் வந்தது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்ற வாசகத்தோடு. சந்தோஷமாக மறுதேர்வு தேதி பிடிக்கப் போனால், கடைசி முயற்சியிலிருந்து பதினாலு நாள் ஆகவில்லை என்று தளம் தடுத்தது. கணக்கில் ஃபெயில், முயற்சி ஒன்று. வவுச்சருக்குக் காலாவதித் தேதி வேறு. தேர்வின் இந்தப் பதிப்பையே சில வாரத்தில் நிறுத்தப் போவதாக அறிவிப்பு இருந்தது, புதுப் பதிப்பு என்றால் பாடத்தில் பாதி மாறும். தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த நேரத்தில்தான்.

இங்கே இன்னொரு விஷயம் புரிந்தது. இந்த வியாபாரத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். சான்றிதழ் கொடுப்பவர் ஒருவர், தேர்வை நடத்திக் கொடுப்பவர் இன்னொருவர். நான் இதுவரை எழுதிக்கொண்டிருந்தது நடத்துபவருக்கு. அவரால் வவுச்சர் தர முடியும், தொழில்நுட்பக் கோளாறு என்று பதிவு செய்ய முடியும். மதிப்பெண்ணை நீக்கும் அதிகாரம் என் விஷயத்தில் சான்றிதழ் கொடுப்பவர் கையில் இருந்தது. அவருக்கு நேரே எழுதினால் தொழில்நுட்பக் கோளாறை அவர்களிடம் கேளுங்கள் என்பார். அவர்களைக் கேட்டால் முடிவு எங்கள் கையில் இல்லை என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த ஒரு வழிதான் பலித்தது: வவுச்சர் தந்த மெயிலையே ஆதாரமாக வைத்தேன். கோளாறு உங்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டு வழக்கை மூடியிருக்கிறீர்களா என்று நடத்துபவரிடம் ஒற்றைக் கேள்வி கேட்டேன். ஆம், மென்பொருள் கோளாறாகப் பதிவாகியிருக்கிறது என்று ஒரு வரி வந்தது. நல்லெண்ணத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நல்லெண்ணத்தில் தருபவர் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஒரு வரியை இணைத்து சான்றிதழ்க்காரருக்கு அனுப்பினேன்.

மறுத்திருந்தால்

மறுத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்து வைத்திருந்தேன். கார்டு கொடுத்த வங்கியில் தகராறு எழுப்பிப் பணத்தைப் பின்னிழுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சேவை கிடைக்கவில்லை என்ற காரணத்துக்கு அந்த வழி இருக்கிறதுதான். ஆனால் அங்கே தேர்வர் உள்ளே வந்தார், மதிப்பெண் வந்தது என்று அவர்கள் ஒரு தாளை நீட்டினால் வங்கி அதைத்தான் பார்க்கும். அதோடு, அதே நிறுவனத்திடம்தான் நாளைக்கும் தேர்வு எழுத வேண்டும். வங்கிக்குப் போவதற்கு முன் அவர்களுடைய விதிமுறையில் பின்னிழுத்தவர்களின் கணக்கை முடக்குவதாக வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை.

நுகர்வோர் வழிதான் சரி என்று பட்டது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் கொடுத்தால் அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், கட்டாயப்படுத்த முடியாது. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆணையக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் எடுக்கக்கூடிய ஒரு தீர்ப்பு உண்டு. பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், தேர்வு நடத்தும் வாரியம் சேவை விற்பவர் அல்ல, தேர்வு எழுதுபவர் நுகர்வோரும் அல்ல என்று சொன்னது. தேர்வு என்றாலே நுகர்வோர் மன்றம் வேலைக்காகாது என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். அங்கே பேசப்பட்டது சட்டப்படி அமைந்த வாரியம், தன் சட்டக் கடமையாக நடத்தும் தேர்வு. லாபத்துக்காக ஜிஎஸ்டி போட்டு பில் கொடுத்து ஒரு தனியார் நிறுவனம் விற்கும் தேர்வு வேறு என்பது என் வாதமாக இருந்திருக்கும். எடுபட்டிருக்குமா என்பது ஆணையத்தின் கையில். இன்வாய்ஸைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அதில் இந்திய ஜிஎஸ்டி எண் இருந்தால் இங்கே பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருக்கிறது. டாலரில் வெளிநாட்டு நிறுவனம் எடுத்திருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் வசூலிப்பது பெரும்பாடு. தேர்வுக் கட்டணத்தை கம்பெனி கார்டில் நேரடியாகக் கட்டியிருந்தால் நுகர்வோர் யார் என்பதே கேள்வியாகிவிடும்.

அதுவரை போகவில்லை. சான்றிதழ்க்காரரிடமிருந்து பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இரண்டே வாக்கியம், கூடவே புதுத் தேர்வுத் தேதி பிடிக்க வழி திறந்துவிட்டோம் என்று ஒரு இணைப்பு. கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்தத் தேர்வின் வரியே இல்லை.

மறுதேர்வை வீட்டில் எழுதவில்லை. கோவையில் தேர்வு மையத்தில் அதே வவுச்சருக்கு இடம் கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் நின்றால் அது அவர்கள் தலைவலி. பாஸானேன். மேனேஜரிடம் மதிப்பெண் தாளையும் பழைய இன்வாய்ஸையும் கொடுத்தேன். “இது ரெண்டு மாசத்துக்கு முந்தின தேதியா இருக்குதே, எந்தப் பரீட்சைக்கான பில்லுங்க இது?” என்றார். இந்தக் கதையை அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. அக்கவுண்ட்ஸ் இன்னும் பாஸ் பண்ணவில்லை.